வித்தியாசம் ஒரே தொகையல்ல: வருமான வரிக் கடிதத்தை வரி வரியாகப் படிப்போம்

2024 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் கைப்பேசிக்கு வருமான வரித் துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மின்னஞ்சலிலும் அதே செய்தி. 2023-24 நிதியாண்டுக்கு நான் காட்டிய வருமானமும், பணி வழங்குபவரும் வங்கிகளும் துறைக்குத் தெரிவித்த வருமானமும் ஒத்துப்போகவில்லை. இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் என்பது அதன் சாரம்.

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். ஆளுக்கொரு யோசனை வந்தது. "சார், இதெல்லாம் எல்லாருக்கும் வரும். கண்டுக்காம விட்டுருங்க" என்றார் ஒருவர். "வம்பு வேண்டாம் சார், அவங்க சொல்ற தொகையை ஒத்துக்கிட்டு கட்டிருங்க" என்றார் இன்னொரு ஆசிரியை. நான் இரண்டையும் செய்யவில்லை. முதல் யோசனையைக் கேட்டிருந்தால் உண்மையாகவே நான் விட்டுவிட்ட ஒரு வருமானம் தொடர்ந்து மறைந்திருக்கும். இரண்டாவதைக் கேட்டிருந்தால் கட்டத் தேவையில்லாத 45,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பேன். கடையநல்லூரில் என் வீட்டு மேசையில் நான்கு மாலைகள் உட்கார்ந்து செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். இதே கடிதம் உங்களுக்கும் வரக்கூடும்.

கடிதம் உண்மையானதா?

முதலில் இதைப் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ உள்ள இணைப்பை அழுத்தக் கூடாது. வருமான வரித் துறையின் பெயரில் போலிச் செய்திகளும் வருகின்றன. உலாவியில் www.incometax.gov.in என்று நாமே தட்டச்சு செய்து, பான் எண், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போக வேண்டும். உண்மையான செய்தி என்றால் அது அங்கேயும் காத்திருக்கும். "Pending Actions" என்ற பகுதியில் "e-Proceedings" என்பதையும் "Compliance Portal" என்பதையும் திறந்து பார்க்கலாம்.

சட்டப் பிரிவின் கீழ் வரும் அறிவிப்பு என்றால் அதில் ஆவண அடையாள எண் இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்கு இந்த எண் கட்டாயம். தளத்தின் முகப்பில் உள்ள "Authenticate Notice/Order Issued by ITD" என்ற இணைப்பில் அதைக் கொடுத்தால் கடிதம் துறை அனுப்பியதுதானா என்று தெரிந்துவிடும். இதற்கு உள்நுழையவும் தேவையில்லை.

எந்த வகைக் கடிதம், எந்த ஆண்டு, எந்தக் கெடு?

அடுத்து, கடிதத்தின் மேற்பகுதியில் மூன்றைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிரிவு எண், மதிப்பீட்டு ஆண்டு, பதிலளிக்க வேண்டிய நாள். ஆண்டில் பலர் தடுமாறுகிறார்கள். 2023-24 நிதியாண்டில் வாங்கிய சம்பளத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2024-25. இதை மாற்றிப் படித்தால் வேறோர் ஆண்டின் படிவம் 16-ஐ வைத்துக்கொண்டு ஒப்பிட்டுக் குழம்புவோம்.

வருமானம் பொருந்தவில்லை என்று சொல்லும் கடிதங்கள் எல்லாம் ஒன்றல்ல. எனக்கு வந்தது "e-Campaign" எனப்படும் நினைவூட்டல். 2024 டிசம்பர் 17 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் இதைப் பற்றி அறிவித்திருந்தது. 2023-24, 2021-22 நிதியாண்டுகளுக்கு, துறையிடம் உள்ள தகவலும் தாக்கல் செய்த கணக்கும் பொருந்தாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பப்பட்டன. 2023-24க்குத் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய அப்போது 2024 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது; டிசம்பர் 31 அன்றுதான் அது 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது. ஆக, எனக்கு இருந்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு.

பிரிவு 143(1)(a) என்று போட்டிருந்தால், அது பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையம் உங்கள் கணக்கில் ஒரு மாற்றத்தைச் செய்யப்போவதாக முன்கூட்டியே தெரிவிப்பது. பதில் சொல்ல 30 நாள். சொல்லாவிட்டால் மாற்றம் அப்படியே செய்யப்படும். பிரிவு 139(9) என்றால் கணக்கு குறைபாடுள்ளது என்று பொருள். பிடித்த வரியைத் திரும்பக் கேட்டுவிட்டு, அந்த வரி பிடிக்கப்பட்ட வருமானத்தைக் காட்டாமல் விட்டால் இது வரலாம். இதற்கு 15 நாள். பிரிவு 143(2), 148A என்று இருந்தால் அது விசாரணையை ஒட்டிய அறிவிப்பு. தாமதிக்காமல் ஒரு பட்டயக் கணக்காளரிடம் போவதே நல்லது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். பழைய ஆண்டுகளுக்கு மேற்சொன்ன எண்களே தொடரும்.

நினைவூட்டலாக இருந்தாலும் முன்மொழிவாக இருந்தாலும் அது வரிக் கேட்பு அல்ல. "எங்களிடம் இப்படி ஒரு தகவல் இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்ற கேள்விதான். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் கடிதத்துக்கு சிபி2000 என்று பெயர். அங்கும் அது பில் அல்ல. வரி செலுத்துபவர் ஒப்புக்கொள்ளலாம், அல்லது சான்றோடு மறுக்கலாம்.

துறைக்கு யார் என்ன சொன்னார்கள்?

இதற்கான ஆவணம் ஆண்டுத் தகவல் அறிக்கை. சுருக்கமாக ஏஐஎஸ் என்பார்கள். 2021 நவம்பரில் இது அறிமுகமானது. முன்பு நாம் படிவம் 26ஏஎஸ் மட்டும் பார்ப்போம். அதில் முக்கியமாக வரி பிடிக்கப்பட்ட வருமானம் இருக்கும். ஏஐஎஸ்ஸில் வரி பிடிக்கப்படாத வட்டியும் இருக்கும். ஆசிரியர்கள் பலர் ஏமாறும் இடம் இது. "டிடிஎஸ் பிடிக்கல, அதனால காட்ட வேண்டாம்" என்று நினைக்கிறோம். ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால்தான் அப்போது வரி பிடிப்பார்கள். ஆனால் தாண்டாத வட்டியையும் நம் பான் எண்ணுடன் வங்கி துறைக்குத் தெரிவிக்கிறது.

ஏஐஎஸ்ஸைத் திறந்தால் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு குறியீடு இருக்கும். நமக்குத் தேவையானவை நான்குதான். TDS-192 என்பது ஒவ்வொரு காலாண்டும் சம்பளத்தில் வரி பிடித்து அனுப்பிய விவரம். TDS-Ann.II-SAL என்பது ஆண்டு முடிவில் அலுவலகம் தரும் முழு ஆண்டுச் சம்பள விவரம். SFT-016(SB) சேமிப்புக் கணக்கு வட்டி. SFT-016(TD) நிரந்தர வைப்பு வட்டி. முதல் இரண்டும் ஒரே சம்பளத்தை இரண்டு விதமாகச் சொல்பவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது.

ஏஐஎஸ்ஸுடன் நான் எடுத்து வைத்துக்கொண்டவை: ஜூலையில் தாக்கல் செய்த கணக்கின் நகல், இரண்டு பள்ளிகளின் படிவம் 16, மாதச் சம்பளப் பட்டியல், வங்கிகள் தரும் வட்டிச் சான்று. படிவம் 16 என்று பள்ளியில் கையால் கணக்கிட்டுத் தரும் தாளைச் சிலர் வைத்திருக்கிறார்கள். அது கணக்கீட்டுத் தாள் மட்டுமே. டிரேசஸ் தளத்திலிருந்து பதிவிறக்கிய, சான்று எண் உள்ள படிவம்தான் ஒப்பிட உதவும்.

மூன்று பத்தித் தாள்

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டேன். முதலில் யார் தெரிவித்தது, அடுத்து அவர்கள் தெரிவித்த தொகை, அடுத்து நான் காட்டிய தொகை.

| யார் தெரிவித்தது | தெரிவித்த தொகை (ரூ.) | நான் காட்டியது (ரூ.) |
|---|---|---|
| இப்போதைய பள்ளி, சம்பளம் | 10,26,000 | 10,26,000 |
| முந்தைய பள்ளி, சம்பளம் | 2,46,000 | 0 |
| முதல் வங்கி, சேமிப்பு வட்டி | 4,200 | 4,200 |
| முதல் வங்கி, வைப்பு வட்டி | 31,650 | 0 |
| இரண்டாம் வங்கி, வைப்பு வட்டி | 18,400 | 0 |
| மொத்தம் | 13,26,250 | 10,30,200 |

வித்தியாசம் 2,96,050 ரூபாய். இதை ஒரே தொகையாகப் பார்த்தவரை எனக்கு வயிற்றைக் கலக்கியது. தாளில் பிரித்த பிறகு அது மூன்று வரிகளாகச் சுருங்கியது. ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இது என் வருமானமா? ஆம் என்றால், ஏற்கெனவே வேறு வரியில் காட்டிவிட்டேனா?

முதல் வரி: இரண்டு முறை வந்த சம்பளம்

2023 மே மாதக் கலந்தாய்வில் எனக்கு மாறுதல் கிடைத்தது. அதுவரை சங்கரன்கோவில் வட்டத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். மார்ச் முதல் பிப்ரவரி வரை கணக்கிடும் நம் வழக்கப்படி மார்ச், ஏப்ரல், மே சம்பளம் பழைய பள்ளியிலும், மீதி ஒன்பது மாதச் சம்பளம் புதிய பள்ளியிலும் பெற்றேன். பணம் பெற்று வழங்கும் அலுவலர் ஒவ்வொருவருக்கும் தனி டான் எண் உண்டு. அதனால் அரசு ஒன்றே என்றாலும், வரித் துறையின் பார்வையில் எனக்கு அந்த ஆண்டு இரண்டு பணி வழங்குபவர்கள்.

காலாண்டு வரிசைகளை மட்டும் தனியாகக் கூட்டினேன். பழைய பள்ளியின் TDS-192 வரிசைகள் 2,46,000. புதிய பள்ளியின் TDS-192 வரிசைகள் 7,80,000. இரண்டும் சேர்ந்து 10,26,000. என் பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலும் அதேதான். ஆனால் புதிய பள்ளியின் TDS-Ann.II-SAL வரிசையில் 7,80,000 இல்லை, 10,26,000 இருந்தது. பழைய பள்ளியின் மூன்று மாதத்தையும் தன் சம்பளமாகவே புதிய பள்ளி ஆண்டு விவரத்தில் சேர்த்துக் காட்டியிருக்கிறது. பழைய பள்ளியின் 2,46,000 தனியாகவும் நிற்பதால், அது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. ஒரே அலுவலகத்தின் இரு வரிசைகள் என்றால் கணினி ஒன்றை விலக்கிவிடும். டான் எண் வேறாக இருந்ததால் இரண்டையும் கூட்டிவிட்டது.

இன்னொரு அடையாளமும் இருந்தது. சம்பளம் இரண்டு முறை வந்திருந்தாலும், படிவம் 26ஏஎஸ்ஸில் பிடித்த வரி ஒரு முறைதான் வந்திருந்தது. உண்மையிலேயே கூடுதல் சம்பளம் பெற்றிருந்தால் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இதில் யாருக்கும் தவறான எண்ணம் இல்லை. காலாண்டு விவரமான படிவம் 24கியூவின் இரண்டாம் இணைப்பில் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று இப்போதைய பணி வழங்குபவர் கொடுத்த சம்பளம். மற்றது பிற பணி வழங்குபவரிடம் பெற்றதாக ஊழியர் தெரிவித்த சம்பளம். மூன்று மாதத் தொகை இரண்டாவது கட்டத்தில் போயிருக்க வேண்டும். முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. மாறுதலில் வந்த ஆசிரியருக்கு இது எளிதாக நேரும். தலைமை ஆசிரியரிடம் தாளைக் காட்டி எழுத்தில் கேட்டுக்கொண்டேன். திருத்த விவரம் தாக்கல் செய்வதாகச் சொன்னார். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தை அணுக வேண்டும்.

இரண்டாம் வரி: நான் விட்டுவிட்டது

31,650 ரூபாய் வைப்பு வட்டியைப் பார்த்ததும் முதலில் மறுக்கத்தான் தோன்றியது. அந்த வைப்பு மூன்று ஆண்டுக்கானது. முதிர்வுத் தேதி இன்னும் வரவில்லை, ஒரு ரூபாய்கூட என் கைக்கு வரவில்லை. கடையநல்லூர் கிளைக்குப் போய் வட்டிச் சான்று வாங்கினேன். அதில் 2023-24க்கு 31,650 என்றே இருந்தது. முதிர்வில் மொத்தமாகத் தரும் வைப்பிலும் ஆண்டுதோறும் வட்டி சேர்கிறது. அந்தந்த ஆண்டில் சேர்ந்ததை வங்கி அந்தந்த ஆண்டிலேயே தெரிவிக்கிறது. முதிர்வு ஆண்டில் மொத்தமாகக் காட்டலாம் என்று காத்திருந்தால், ஆண்டுதோறும் இந்தப் பொருந்தாமை வரும். கடைசியில் மொத்த வட்டியும் ஒரே ஆண்டில் விழுந்து உயர்ந்த விகிதத்துக்கும் போய்விடலாம்.

ஆக, இந்த வரியில் துறை சொன்னதே சரி. தவறு என்னுடையது.

மூன்றாம் வரி: அம்மாவின் பணம்

இரண்டாம் வங்கியில் உள்ள வைப்பு என் பெயரிலும் அம்மா பெயரிலும் கூட்டாக இருக்கிறது. பணம் அம்மாவுடையது. அவருடைய பழைய வைப்பு முதிர்ந்த தொகையை அவர் கணக்கிலிருந்தே மாற்றிப் போட்டோம். வங்கிக்கு அலைவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று முதல் பெயராக என்னைப் போட்டோம். வங்கி முதல் பெயருக்குரிய பான் எண்ணில் வட்டி முழுவதையும் தெரிவித்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "எய்யா, என் துட்டுக்கு உனக்கா வரி வந்துருக்கு?" என்று பதறிவிட்டார்.

இங்கே சான்றுதான் பேச வேண்டும். அம்மாவின் கணக்கிலிருந்து பணம் புறப்பட்டதைக் காட்டும் பக்கத்தை நகல் எடுத்து வைத்தேன். அவருடைய ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கிறது, அதனால் அவருக்கும் வரி இல்லை. ஆனால் இந்த வழியை எல்லாக் குடும்ப வைப்புக்கும் நீட்ட முடியாது. நம் பணத்தை மனைவி அல்லது கணவர் பெயரிலோ, 18 வயது நிறையாத பிள்ளை பெயரிலோ போட்டிருந்தால், அந்த வட்டி பொதுவாக நம் வருமானத்துடன்தான் சேரும். "அவர் பான் எண்ணுக்குரியது" என்று அங்கே தள்ளக் கூடாது.

தொகை எப்படி மாறியது?

நான் புதிய வரி முறையில் இருந்தேன். நிலையான கழிவு 50,000 போக, நான் காட்டிய வருமானம் 9,80,200. அதற்கு வரி 57,030, நான்கு சதவீத மேல்வரியுடன் 59,310. இது ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

துறையிடம் உள்ள தகவலை முழுதாக ஒப்புக்கொண்டால் வருமானம் 12,76,250 ஆகும். மேல்வரியுடன் வரி 1,09,460. கூடுதலாகக் கட்ட வேண்டியது 50,150.

நான் விட்ட 31,650 மட்டும் சேர்த்தால் வருமானம் 10,11,850. மேல்வரியுடன் வரி 64,250. கூடுதலாகக் கட்ட வேண்டியது 4,940.

ஒரு தாளில் மூன்று வரியைப் பிரித்ததன் பலன் இந்த வேறுபாடு. பிடித்த வரி போக மீதி 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்ததாலும், முதல் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்ததாலும் இதன் மேல் வட்டியும் எழவில்லை.

என்ன செய்தேன், எந்த வரிசையில்?

முதலில் ஏஐஎஸ்ஸில் பின்னூட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே பின்னூட்டம் தருவதற்கான பொத்தான் இருக்கிறது. பழைய பள்ளிச் சம்பளத்துக்கு "Information is duplicate / included in other information" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவின் வட்டிக்கு "Information relates to other PAN/Year" என்பதைத் தேர்ந்து அவருடைய பான் எண்ணைக் கொடுத்தேன். என் வைப்பு வட்டிக்கு "Information is correct". "Information is denied" என்பது ஒன்று உண்டு. நமக்குத் தொடர்பே இல்லாத தகவலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். தகவல் கொடுத்தவரிடம் நம் பின்னூட்டம் உறுதிப்படுத்தக் கேட்கப்படலாம். அவர் ஏற்றாரா மறுத்தாரா என்பதை 2024 மே முதல் நாமே ஏஐஎஸ்ஸில் பார்க்க முடிகிறது.

பின்னூட்டம் கொடுத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது கணக்கைத் திருத்தாது. பிரிவு எண்ணுடன் வந்த அறிவிப்புக்குப் பதிலாகவும் ஆகாது. அப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் "e-Proceedings" பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதலோ மறுப்போ தனியாகத் தெரிவித்து, மறுக்கும் வரிக்குச் சான்றையும் இணைக்க வேண்டும்.

அடுத்து, "e-Pay Tax" பகுதியில் 4,940 ரூபாயைச் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டினேன். மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்பதை இரண்டு முறை பார்த்தேன். அங்கே தவறினால் பணம் வேறோர் ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு செலுத்துச் சீட்டு விவரத்துடன் பிரிவு 139(5)-இன் கீழ் திருத்திய கணக்கை டிசம்பர் 28 அன்று தாக்கல் செய்து, ஆதார் கடவு எண் மூலம் அன்றே சரிபார்த்தேன். தாக்கல் செய்து 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும்.

திருத்திய கணக்குக்கான கெடுவைத் தவறவிட்டிருந்தால் வழி அடைபட்டிருக்காது, செலவு கூடியிருக்கும். புதுப்பித்த கணக்கு, அதாவது ஐடிஆர்-யு, தாக்கல் செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். 24 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம். 2025 நிதிச் சட்டம் இந்த வாய்ப்பை 48 மாதம் வரை நீட்டியது. மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70 சதவீதம். என் 4,940 ரூபாய் முதல் 12 மாதத்திலேயே 6,175 ஆகியிருக்கும். வரியைக் குறைக்கவோ திரும்பப் பெறவோ ஐடிஆர்-யு பயன்படாது. அப்போதைய விதிப்படி, அந்த ஆண்டுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் தாக்கல் செய்திருக்க முடியாது.

பிறகு நடந்தது

ஜனவரியில் பள்ளியிலிருந்து திருத்த விவரம் போனது. சில வாரங்களில் ஏஐஎஸ்ஸில் புதிய பள்ளியின் ஆண்டுச் சம்பளம் 7,80,000 என்று மாறியது. இரண்டு பள்ளிகளும் சேர்ந்து 10,26,000 ஆனது. அம்மாவின் வைப்பில் முதல் பெயரை மாற்றித் தரும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்தோம். மூன்று பத்தித் தாளையும், சான்றுகளையும், ஒப்புகைச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு மதிப்பீட்டு ஆண்டை மேலே எழுதி வைத்திருக்கிறேன். பின்னாளில் அதே ஆண்டுக்கு இன்னொரு கடிதம் வந்தால் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.

அடுத்த ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும் முன்பே ஏஐஎஸ்ஸைத் திறந்து தாள் போட்டேன். முந்தைய ஆண்டும் அப்படிச் செய்திருக்கலாம். முன்நிரப்பிய படிவத்தில் சம்பளம் கூடுதலாக வந்திருந்ததை நான் அப்போதே பார்த்தேன். ஏன் என்று கேட்காமல் அழித்துவிட்டுப் படிவம் 16-இல் உள்ளதைப் போட்டேன். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், டிசம்பரில் விடைத்தாள் கட்டை ஓரம் தள்ளிவிட்டு நான்கு மாலைகள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டில் மாறுதலோ பதவி உயர்வோ பெற்றவர்கள், முதிர்வில் வட்டி தரும் வைப்பு வைத்திருப்பவர்கள், பெற்றோருடன் கூட்டுக் கணக்கில் முதல் பெயராக இருப்பவர்கள், விடைத்தாள் திருத்தும் பணிக்கு மதிப்பூதியம் பெற்றவர்கள் ஆகிய நால்வரும் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏஐஎஸ்ஸில் அந்த வரிகளை மட்டுமாவது ஒரு முறை பார்த்துவிடுங்கள்.